காலை 9.45 வரை காத்திருங்க... ஷேர் மார்க்கெட்டில் 'பொய் பிரேக்அவுட்'டைத் தெரிந்துகொள்வது எப்படி?

காலை மணி 9.47. செல்போன் திரையில் பங்கின் விலை, அதுவரை தொட்ட உச்சத்தைத் தாண்டிவிட்டது. பச்சை நிற கேண்டில் ஒன்று விறுவிறுவென்று மேலே எழுகிறது. ‘இப்போ வாங்கலைன்னா போச்சு’ என்று கை பரபரக்கிறது. வாங்கியாகிவிட்டது. மூன்றே நிமிடம்... விலை வந்த வழியே திரும்பி இறங்குகிறது. நஷ்டம் தாங்காமல் விற்ற பிறகு, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே பங்கு உச்சத்தைத் தாண்டி நிஜமாகவே ஏறிக்கொண்டிருக்கிறது. இன்ட்ராடே செய்பவர்களில் இந்த அனுபவம் இல்லாதவரைக் காண்பது அபூர்வம்.

அந்த முதல் ஏற்றத்துக்குப் பெயர் பொய் பிரேக்அவுட். பிந்தையது நிஜம். இரண்டும் தொடங்கும்போது ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால், அடுத்த சில நிமிடங்களில் இரண்டும் வேறு வேறு தடயங்களை விட்டுச்செல்கின்றன. அந்தத் தடயங்களுக்காகக் காத்திருப்பதுதான் ‘ஓப்பனிங் ரேஞ்ச் பிரேக்அவுட்’ என்ற முறையின் உயிர்நாடி. சுருக்கமாக ஓ.ஆர்.பி.

முதல் 30 நிமிடத்தில் என்ன நடக்கிறது?

தேசிய பங்குச் சந்தையான என்.எஸ்.இ-யில் வழக்கமான வர்த்தகம் காலை 9.15-க்குத் தொடங்குகிறது. அதற்கு முன்பே, 9 மணியிலிருந்து சுமார் எட்டு நிமிடங்கள் ஆர்டர்களை வாங்கிவைத்து, அவற்றிலிருந்து தொடக்க விலையைக் கணக்கிடுகிறார்கள். ஆக, மணி அடிக்கும்போதே ராத்திரி முழுக்க சேர்ந்த செய்திகளும், அமெரிக்கச் சந்தையின் முடிவும், வீட்டில் உட்கார்ந்து யோசித்தவர்களின் பயமும் ஆசையும் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். அதனால்தான் முதல் ஐந்து நிமிட கேண்டிலில் பெரும்பாலும் நாளின் மற்ற நேரங்களைவிட வியாபாரம் பல மடங்கு இருக்கிறது.

இந்தக் கூட்டம் கலைய சுமார் அரை மணி நேரம் ஆகும். 9.15 முதல் 9.45 வரை அந்தப் பங்கு தொட்ட உச்ச விலையில் ஒரு கோடு, குறைந்த விலையில் ஒரு கோடு. இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருப்பதுதான் ஓப்பனிங் ரேஞ்ச். மேல் கோட்டைத் தாண்டினால் வாங்குவது, கீழ்க் கோட்டை உடைத்தால் விற்பது... முறை இவ்வளவுதான்.

15 நிமிட ரேஞ்ச் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. சீக்கிரம் வாய்ப்பு வரும். ஆனால், பரபரப்பு அடங்கும் முன்பே போட்ட கோடு என்பதால் பொய்யாக உடைவதும் அதிகம். ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் கோடு உறுதியாக இருக்கும், ஆனால் ஓட்டத்தில் பாதி முடிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்தான் 30 நிமிடம். அதற்கு மேல் அதில் மந்திரம் எதுவும் இல்லை.

இந்த யோசனை புதியதும் அல்ல. டோபி கிராபெல் என்ற அமெரிக்க வர்த்தகர் 1990-லேயே இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவர் கோட்டைத் தொட்டவுடன் வாங்கச் சொல்லவில்லை. தொடக்க விலைக்கு மேல் ஒரு குறிப்பிட்ட தூரம் விட்டுத்தான் வாங்கச் சொன்னார். அந்தத் தூரத்தை முந்தைய 10 நாள்களின் விலை அசைவிலிருந்து கணக்கிட்டார். ‘கொஞ்சம் இடைவெளி விடு’ என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.

கோட்டுக்கு மேல் ஏன் ஒரு பொறி?

பொய் பிரேக்அவுட் ஏன் வருகிறது என்று புரிந்துவிட்டால், விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒரு பங்கின் அரைமணி நேர உச்சம் 820 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த 820, எல்லோர் திரையிலும் தெரிகிறது. ‘விலை இறங்கும்’ என்று நினைத்து முன்கூட்டியே விற்றவர்கள், தங்கள் ஸ்டாப் லாஸை 820-க்குச் சற்று மேலே வைத்திருப்பார்கள். அது தூண்டப்பட்டால் அவர்கள் வாங்கியே ஆக வேண்டும். ‘820 தாண்டினால் வாங்குவேன்’ என்று காத்திருப்பவர்களின் ஆர்டரும் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆக, 820-க்கு மேல் ஒரு ரூபாய்க்குள் ஏராளமான ‘வாங்கு’ ஆர்டர்கள் அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன.

விலை 820.05-ஐத் தொட்டதும் அவை எல்லாம் ஒன்றாக வெடிக்கும். விலை துள்ளும். கேள்வி இதுதான்: அந்த ஆர்டர்கள் தீர்ந்த பிறகு, 821-லும் 822-லும் புதிதாக வாங்க ஆள் இருக்கிறார்களா? இருந்தால் அது நிஜம். இல்லையென்றால், பெரிய அளவில் விற்கக் காத்திருந்தவர்களுக்கு அந்தத் துள்ளல் ஒரு நல்ல சந்தை. அவர்கள் விற்றுவிட்டுப் போவார்கள். விலை கோட்டுக்குள் திரும்பிவிடும்.

கீழே வரும் எல்லா விதிகளும் இந்த ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன.

ஒரு நாள்... மூன்று பிரேக்அவுட்!

உதாரணத்துக்கு ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். நேற்றைய முடிவு 812 ரூபாய். நேற்றைய உச்சம் 817.50. கடந்த 10 நாள்களில் ஒரு நாளில் சராசரியாக 22 ரூபாய் ஏறி இறங்கியிருக்கிறது. இன்று 815-ல் தொடங்கி, 9.45-க்குள் 820 வரை ஏறி, 812 வரை இறங்கியிருக்கிறது. ரேஞ்சின் அகலம் 8 ரூபாய்.

முதலில் பார்க்க வேண்டியது இந்த அகலத்தைத்தான். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. 22-ல் 8 என்பது ஏறக்குறைய 36 சதவிகிதம். அதாவது, இந்தப் பங்கு தன் வழக்கமான ஒரு நாள் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் செலவழித்திருக்கிறது. ஓட இன்னும் மிச்சம் இருக்கிறது. இதுவே ரேஞ்ச் 15 ரூபாய் இருந்திருந்தால்? அரை மணி நேரத்திலேயே முக்கால்வாசி ஓடி முடித்த குதிரை. அதன்மீது பணம் கட்டுவானேன்! சராசரியில் 60-70 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு அந்தப் பங்கை விட்டுவிடுவது நல்லது. 2024 ஜூன் 4, நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாளில் நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 6 சதவிகிதம் சரிந்தது. அதுபோன்ற நாள்களில் எந்தச் சராசரியும் உதவாது.

ரேஞ்ச் மிகவும் குறுகலாக, சராசரியில் 20 சதவிகிதத்துக்கும் கீழே இருந்தாலும் ஜாக்கிரதை. அப்போது சாதாரண ஏற்ற இறக்கமே கோட்டை உடைத்துவிடும்.

நம் பங்குக்கு வருவோம். இரண்டு பேர் இதைக் கவனிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் குமார், இன்னொருவர் செல்வி. இருவரிடமும் தலா 1,00,000 ரூபாய் இருக்கிறது. குமார், 820-ஐத் தாண்டினால் தானாக வாங்கும்படி ஆர்டர் போட்டுவைக்கிறார். இன்ட்ராடேவில் பங்கின் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு மார்ஜின் இருந்தால் போதும் என்பதால் 300 பங்குகள். செல்வி, ஐந்து நிமிட கேண்டில் முடியும்வரை காத்திருக்கிறார்.

*முதல் உடைப்பு, 9.45 - 9.50.* விலை 821.40-ஐத் தொடுகிறது. குமாருக்கு 820.30-ல் பங்குகள் கிடைத்துவிட்டன. ஆனால், 9.50-க்கு அந்த கேண்டில் முடியும்போது விலை 819.20. மேலே நீளமாக ஒரு திரி மட்டும் நிற்கிறது. கோட்டுக்கு மேலே போன விலை அங்கே தங்கவில்லை என்பதற்கு அந்தத் திரிதான் சாட்சி. செல்வியின் முதல் விதி, ‘தொட்டால் போதாது, கேண்டில் கோட்டுக்கு வெளியே முடிய வேண்டும்.’ எனவே அவர் வாங்கவில்லை. 10.05-க்கு விலை 814. குமாரின் ஸ்டாப் லாஸ் 814.50-ல் விழுகிறது. பங்குக்கு 5.80 ரூபாய் வீதம் 1,740 ரூபாய் நஷ்டம்.

*இரண்டாவது உடைப்பு, 10.15 - 10.20.* இந்த முறை கேண்டில் 820.60-ல் முடிகிறது. கோட்டுக்கு மேலேதான். குமார் மீண்டும் 820.30-ல் உள்ளே வந்துவிட்டார். செல்வி இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார். ஒன்று, இடைவெளி. விலையில் குறைந்தது 0.1 சதவிகிதமாவது, அதாவது சுமார் 80 பைசாவாவது கோட்டைத் தாண்டி முடிய வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட அளவு. 820.80 வரவில்லை.

இரண்டாவது, வால்யூம். இங்கேதான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். உடைத்த கேண்டிலில் கைமாறிய பங்குகளை, காலை 9.15 கேண்டிலோடு ஒப்பிடக் கூடாது. அதில் 2,40,000 பங்குகள் கைமாறியிருக்கலாம். அதோடு ஒப்பிட்டால் எந்த பிரேக்அவுட்டும் சோனியாகத்தான் தெரியும். உடைப்பதற்கு முந்தைய ஆறு கேண்டில்களின், அதாவது கடந்த அரை மணி நேரத்தின் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். நம் பங்கில் அந்தச் சராசரி 40,000. உடைத்த கேண்டிலில் 42,000. ஏறக்குறைய சமம். புதிதாக யாரும் வரவில்லை என்று அர்த்தம். சராசரியைப்போல ஒன்றரை மடங்காவது இருந்தால்தான் செல்வி நம்புவார். அடுத்த கேண்டிலிலேயே விலை 817. குமார் பதறிப்போய் அங்கேயே விற்கிறார். இன்னொரு 990 ரூபாய் போனது. கட்டணங்களையும் சேர்த்தால் இரண்டு முறையில் ஏறக்குறைய 3,000 ரூபாய். ஒரு மணி நேரத்துக்குள் முதலீட்டில் 3 சதவிகிதம்!

*மூன்றாவது உடைப்பு, 10.40 - 10.45.* கேண்டில் 822.30-ல் முடிகிறது. கோட்டை 2 ரூபாய்க்கு மேல் தாண்டிவிட்டது. வால்யூம் 95,000. முந்தைய ஆறு கேண்டில்களின் சராசரியோ 38,000. இரண்டரை மடங்கு! நேற்றைய உச்சமான 817.50-ம் ஏற்கெனவே கீழே போய்விட்டதால், தலைக்கு மேல் உடனடித் தடை இல்லை. செல்வி அடுத்த கேண்டிலின் தொடக்கத்தில் 822.50-க்கு வாங்குகிறார்.

குமார்? அவர் வாங்கவில்லை. ‘இன்னிக்கு இந்தப் பங்கு சரியில்லை’ என்று ஆப்பை மூடிவிட்டார். பொய் பிரேக்அவுட் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. நிஜம் வரும்போது வாங்குவதற்கான தைரியத்தையும் எடுத்துக்கொண்டுபோய்விடுகிறது.

எத்தனை பங்கு வாங்குவது?

செல்வி வாங்கியது 76 பங்குகள் மட்டுமே. ஏன் இந்த விநோதமான எண்? அவர் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறார். ஸ்டாப் லாஸ் ரேஞ்சின் நடுப்புள்ளியான 816-ல். வாங்கிய விலைக்கும் அதற்கும் இடைவெளி 6.50 ரூபாய். ஒரு வர்த்தகத்தில் அதிகபட்சம் 500 ரூபாய்தான் இழக்கலாம் என்பது அவருடைய வரம்பு. 500-ஐ 6.50-ஆல் வகுத்தால் 76. மொத்த மதிப்பு சுமார் 62,500 ரூபாய். கடன் மார்ஜின் தேவையே இல்லை.

லாபத்துக்கான இடம் இருக்கிறதா என்பதையும் அவர் முன்பே பார்த்துவிட்டார். நாளின் குறைந்த விலை 812. அதோடு சராசரி ஓட்டமான 22-ஐக் கூட்டினால் 834. அங்கே வரை போகலாம் என்று வைத்துக்கொண்டால் 11.50 ரூபாய் லாபத்துக்காக 6.50 ரூபாயைப் பணயம் வைக்கிறார். இதில் லாப இடம் நஷ்டத்தைவிடக் குறைவாக இருந்திருந்தால், வால்யூம் எவ்வளவு இருந்தாலும் விட்டிருப்பார்.

வாங்கிய பிறகும் ஒரு விதி பாக்கி இருக்கிறது. வாங்கியபின் ஏதாவது ஒரு ஐந்து நிமிட கேண்டில் 820-க்குக் கீழே, ரேஞ்சுக்கு உள்ளேயே முடிந்துவிட்டால் உடனே வெளியேற வேண்டும். 816 வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிரேக்அவுட் என்று நம்பித்தான் வாங்கினோம். அது பிரேக்அவுட் இல்லை என்று தெரிந்துவிட்டபின் பிடித்துவைத்திருக்கக் காரணம் இல்லை. அப்படி 819.50-ல் விற்றிருந்தால் நஷ்டம் 228 ரூபாயோடு முடிந்திருக்கும்.

11 மணிக்கு விலை 820.70 வரை இறங்கி வந்து செல்விக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால், கோட்டுக்கு மேலேயே நின்று திரும்பியது. முன்பு கூரையாக இருந்த கோடு இப்போது தரையாக மாறியிருக்கிறது. நிஜ பிரேக்அவுட்டின் நல்ல அறிகுறிகளில் இதுவும் ஒன்று. சிலர் முதல் கேண்டிலில் வாங்காமல், இப்படித் திரும்பி வந்து தாங்கும்போதுதான் வாங்குவார்கள். விலை மலிவாகக் கிடைக்கும்; ஆனால் பலமான ஓட்டங்கள் திரும்பியே பார்க்காமல் போய்விடும்.

மதியம் 1.10-க்கு 829.80. பிறகு கொஞ்சம் தளர்ந்தது. தரகு நிறுவனங்கள் பொதுவாக 3.15-ஐ ஒட்டி இன்ட்ராடே பங்குகளைத் தாங்களே விற்றுவிடும் என்பதால், செல்வி 3.10-க்கே 827-ல் விற்றார். 342 ரூபாய் லாபம். தரகு, எஸ்.டி.டி, ஜி.எஸ்.டி எல்லாம் போகக் கையில் நின்றது சுமார் 275 ரூபாய். ஒரு முழு நாளுக்கு 275 ரூபாய்தானா என்று தோன்றலாம். குமாரின் மைனஸ் 3,000-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் மதிப்பு தெரியும்.

விதிகளும் தோற்கும் இடங்கள்

மூன்று தடயங்களும் சரியாக இருந்து, அப்படியும் விலை திரும்பிவிடும் நாள்கள் நிச்சயம் வரும். காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. குமார் வாங்கியது 820.30-ல், செல்வி வாங்கியது 822.50-ல். ஒவ்வொரு முறையும் அந்த 2 ரூபாய் 20 பைசாவை செல்வி கட்டணம்போலச் செலுத்துகிறார். சில நாள்களில் முதல் கேண்டிலிலேயே விலை 828-க்குப் பாய்ந்துவிடும். அப்போது ஸ்டாப் லாஸ் 12 ரூபாய் தூரத்தில் இருக்கும். லாப இடம் 6 ரூபாய்தான். துரத்திக்கொண்டு போகாமல் விட வேண்டியதுதான்.

நாள்களையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ரிசர்வ் வங்கி வட்டி விகித முடிவைக் காலை 10 மணிக்கு அறிவிக்கிறது. அன்று 9.45-க்குப் போட்ட கோட்டுக்கு, முக்கியமாக வங்கிப் பங்குகளில், 15 நிமிட ஆயுள்தான். பட்ஜெட் நாளில் நிதியமைச்சரின் உரை 11 மணிக்குத் தொடங்கும். அன்றும் இதே கதைதான். நிஃப்டி வாராந்தர ஆப்ஷன்கள் முடிவடையும் செவ்வாய்க்கிழமைகளில் இண்டெக்ஸ் இரண்டு பக்கமும் இழுபடலாம் என்பதால், பலர் அன்று பாதி அளவில் மட்டும் வர்த்தகம் செய்கிறார்கள்.

நிஃப்டியில் ஓ.ஆர்.பி பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நிஃப்டி என்பது ஒரு கணக்கு எண், அதை யாரும் நேரடியாக வாங்குவதும் விற்பதும் இல்லை. அதற்கென்று சொந்த வால்யூம் கிடையாது. கோட்டை இண்டெக்ஸ் சார்ட்டில் போட்டாலும், வால்யூமை நிஃப்டி ஃபியூச்சர்ஸ் சார்ட்டில்தான் பார்க்க வேண்டும்.

மேல் கோடு பொய்யாக உடைந்து, பிறகு கீழ்க் கோடும் பொய்யாக உடைந்தால்? அன்று சந்தைக்கு திசை இல்லை. பக்கத்துக்கு ஒரு முயற்சி, நாளுக்கு இரண்டு நஷ்டம், அதோடு சரி. காலை 11.30-க்கு மேல் வரும் உடைப்புகளை ஓ.ஆர்.பி கணக்கில் சேர்க்காமல் இருப்பதும் நல்லது. மதிய நேரத்தில் வியாபாரம் மெலிந்துவிடுவதால் சிறிய ஆர்டர்கூட கோட்டைத் தாண்டவைக்கும்.

செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வில், 2022-23-ம் நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10-ல் 7 பேர் நஷ்டம் அடைந்தது தெரியவந்தது. லாபம் பார்த்தவர்களைவிட நஷ்டம் அடைந்தவர்கள்தான் சராசரியாக அதிக முறை வர்த்தகம் செய்திருந்தார்கள். நஷ்டத்துக்கு மேல், அந்த நஷ்டத்தில் 57 சதவிகிதத்துக்குச் சமமான தொகையை அவர்கள் வெறும் கட்டணமாகவும் கட்டியிருந்தார்கள். குமார் ஒரே காலையில் இரண்டு முறை உள்ளே போய் வெளியே வந்ததுபோலத்தான்.

இந்த முறையைப் பணம் போட்டுப் பார்க்கும் முன் ஒரு மாதம் காகிதத்தில் பார்க்கலாம். ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி போதும்: ரேஞ்சின் அகலம், அது சராசரியில் எத்தனை சதவிகிதம், எத்தனை மணிக்கு உடைந்தது, கேண்டில் எங்கே முடிந்தது, வால்யூம் எத்தனை மடங்கு, கடைசியில் என்ன ஆனது. 20 வரிகள் சேர்ந்ததும், ஒன்றரை மடங்கு என்ற அளவு தான் பார்க்கும் பங்குக்குப் போதுமா, இரண்டு மடங்கு வேண்டுமா என்பது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். 80 பைசா இடைவெளி என்பதும் அப்படித்தான். அதிகம் துள்ளும் பங்குக்கு அது போதாது. நிதானமான பங்குக்கு அதுவே அதிகம். வர்த்தகம் செய்யாமல் விட்ட நாள்களையும் அந்த நோட்டில் எழுத வேண்டும், விட்டது ஏன் என்ற காரணத்தோடு.